கேன் ஃபேன்: ஒரு கோடு மட்டும் அடம்பிடிக்கிறது

சந்தை சார்ட்டில் வரையும் கேன் ஃபேனை நம்பலாமா, அதற்காகப் பணம் கட்டி வகுப்பில் சேரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நீண்ட நாள் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் பதில். ஒரு பெரிய லோவிலிருந்து கோடுகள் விசிறிபோல விரியும், நடுவில் போவது 1x1 என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கே இது. இங்கே 2x1 என்று நான் எழுதுவது, ஒரு பாருக்கு இரண்டு பங்கு விலை ஏறும் கோடு. சில மென்பொருளில் இந்த எண்கள் இடம் மாறி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பல சார்ட் மென்பொருளில் இந்தக் கருவிக்கு இரண்டு கிளிக். முதல் கிளிக் பிவட்டில், இரண்டாவது கை போன இடத்தில். அந்த இரண்டாவது புள்ளி வழியாகத்தான் 1x1 ஓடும். விலைக்கும் நேரத்துக்கும் நிலையான விகிதம் என்று சொல்லிவிட்டு, அந்த விகிதத்தை மவுஸிடம் ஒப்படைத்தால் என்ன அர்த்தம்? W. D. கேன் (1878–1955) கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்தார். ஒரு கட்டம் ஒரு நாள், ஒரு கட்டம் இத்தனை புள்ளி என்று முதலிலேயே முடிவாகிவிடுவதால், அங்கே 45 டிகிரி என்பதற்குப் பொருள் இருந்தது. திரையில் விண்டோவை இழுத்தாலே கோணம் மாறிவிடும். அதனால் கோணத்தை விட்டுவிட்டு, ஒரு பாருக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை எளிது. விலை அச்சை லாக் அளவிலிருந்து சாதாரண அளவுக்கு மாற்றுங்கள். பிவட்டிலிருந்து 100 பார் எண்ணி, பாருக்கு 2 புள்ளி என்றால் பிவட் விலையோடு 200 கூட்டி, அந்த விலையை இரண்டாவது புள்ளியின் அமைப்பில் தட்டச்சு செய்யுங்கள். பிறகு ஒரு ஷீட்டில் சரிபாருங்கள்:

```
=2191.86+2*(NETWORKDAYS(A2,B2,H$2:H$80)-1)
```

A2-வில் பிவட் தேதி, B2-வில் பார்க்க வேண்டிய தேதி, H-இல் சந்தை விடுமுறைகள். தொடக்க நாளையும் சேர்த்து எண்ணிவிடும் என்பதால் ஒன்றைக் கழிக்கிறோம். 2025 ஜனவரி 9 போல அறிவிப்பின் பேரில் மூடிய நாட்களையும் விடுமுறைப் பட்டியலில் போட வேண்டும்.

அந்த 2191.86, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 மார்ச் 23 அன்று தொட்ட லோ. இங்கேதான் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அடுத்த பெரிய சரிவின் லோ 2022 அக்டோபர் 13 அன்று 3491.58. இடையில் 646 வர்த்தக நாட்கள். நாளுக்கு 2 புள்ளி வீதம் 1x1 கோடு அன்று நின்ற இடம் 3483.86. சுமார் 8 புள்ளிதான் வித்தியாசம்! அதற்கு முன்னும் பின்னும் விலை அந்தக் கோட்டை உடைக்கவில்லை. 2023 அக்டோபர் 27 லோவான 4103.78, கோட்டுக்கு 98 புள்ளி மேலே. 2025 ஏப்ரல் 7 லோவான 4835.04, 109 புள்ளி மேலே. சார்ட்டில் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

சரி, சோதிப்போம். 2 என்ற எண் எங்கிருந்து வந்தது? 2022 லோ வந்த பிறகு பொருந்தியதால் வந்தது. ஸ்கேலாக 1, 2, 2.5, 3, 4, 5 எதையும் எடுக்கலாம். நாட்களை வர்த்தக நாளாகவும் எண்ணலாம், காலண்டர் நாளாகவும் எண்ணலாம் (அப்படி எண்ணினால் 934). 1/8-இலிருந்து 8 வரை, மூன்றிலொரு பங்கும் மும்மடங்கும் சேர்த்து எல்லாக் கோடுகளையும் வரைந்தால், 2022 அக்டோபர் 13 அன்று 3000-க்கும் 4800-க்கும் இடையே 14 கோடுகள் ஓடுகின்றன, இன்னும் ஒன்று 3000-க்கு ஒரு புள்ளி கீழே. ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் 35 புள்ளி, அதாவது ஏறக்குறைய 1 சதவீதம் இடம் விட்டால், அந்த 1800 புள்ளியில் சுமார் 917 புள்ளி ஏதோ ஒரு கோட்டின் வட்டாரத்தில் வந்துவிடுகிறது. லோ எங்கே விழுந்திருந்தாலும் "கேன் சொன்னபடி" என்று காட்டப் பாதி வாய்ப்பு. காலண்டர் நாளாக எண்ணினால் நம் அதே 2 புள்ளிக் கோடு 4059.86-இல் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் சந்தை கீழே விழுந்தது.

98, 109 புள்ளி மேலே நின்ற அந்த இரண்டு லோக்களும் 2.4, 2.3 சதவீதத் தூரத்தில் உள்ளன. 1 சதவீதம் என்று முதலில் எழுதி வைத்தவருக்கு அவை தொட்டதாகக் கணக்கில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. 2022 லோவிலிருந்து புதிய ஃபேன் போட்டால், அதன் 1x1 2025 ஏப்ரலில் 4733.58-இல் நிற்கிறது. பழைய ஃபேனில் 4725.86. இரண்டு ஃபேன் ஒரே இடத்தில் கூடுகின்றன என்று இதை விற்பார்கள். பழைய கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் புள்ளியிலிருந்து அதே சரிவில் வரைந்தால் வேறெங்கே போகும்? அது இரண்டாவது சாட்சி ஆகாது.

உண்மையான சோதனை, ஸ்கேலை மாற்றாமல் வேறொரு பிவட்டுக்குப் போவது. 2009 மார்ச் 6 லோ 666.79. 2020 மார்ச் 23 வரை 2780 வர்த்தக நாட்கள். 1x1 அப்போது 6200-ஐத் தாண்டிவிட்டது, உதவாது. விலைக்கு நெருங்கி வருவது நாளுக்கு அரைப் புள்ளி ஏறும் 1x4. அது நின்ற இடம் 2056.79, சந்தை திரும்பியது 135 புள்ளி மேலே. ஆறு சதவீதத்துக்கும் அதிகம். அந்தப் பிவட்டுக்கு ஸ்கேல் வேறு என்பார்கள். அப்படியென்றால் எந்தப் பிவட்டுக்கு எந்த ஸ்கேல் என்பதை லோ வருவதற்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு அதே பிவட்டிலிருந்து இஷ்டத்துக்கு எடுத்த சரிவுகளில் நூறு கோடுகள் போட்டு, அவற்றைவிட கேன் கோட்டருகே விலை அதிக முறை திரும்புகிறதா என்று எண்ண வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கேன் ஃபேன் தாராளமாகச் சோதிக்கக்கூடியது. இல்லாமல் சோதிக்க வழியே இல்லை.

கோணத்தை வைத்தே வரையும் மென்பொருளுக்கும் ஒரு வார்த்தை. கேன் மரபில் 2x1-க்கு 63.75 டிகிரி. கணிதப்படி சரிவு 2-க்குரிய கோணம் 63.43. இந்தச் சின்ன வேறுபாடு, பாருக்கு 1 புள்ளி என்ற ஸ்கேலில், 646 பாரில் 18 புள்ளி ஆகிவிடும். ஒரு மென்பொருளில் 2022 லோ கோட்டைக் காப்பாற்றியது, இன்னொன்றில் 10 புள்ளி உடைத்தது.

மதிப்பெண்: 5-க்கு ஒன்றரை. கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டியே தீருவேன் என்றால், முதல் வகுப்பிலேயே இன்றைய ஃபேனுக்கு ஸ்கேல் எண்ணையும் 1 சதவீதமா 2 சதவீதமா என்பதையும் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் மற்ற கோடுகளையெல்லாம் அழித்துவிட்டேன். அந்த 2 புள்ளிக் கோடு மட்டும் சார்ட்டில் இருக்கிறது, வருடத்துக்கு 500 புள்ளி ஏறிக்கொண்டு. உடைந்தால்தான் எடுப்பேன்.