காலவரிசையா, கண்டறிந்த சிக்கலா: அறிமுகப் பகுதியை எதில் தொடங்குவது?

லிங்க்ட்இன் அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் முதல் சில வரிகள் மட்டுமே விரிந்து தெரியும். மீதியைப் பார்க்க ஒரு சொடுக்கு வேண்டும். டேட்டா அனலிடிக்ஸுக்கு மாறும் மெக்கானிக்கல் பொறியாளருக்கு அந்த வரிகளே முக்கியம்.

காலவரிசையில் எழுதினால் தொடக்கம் இப்படி அமையும்: "பி.இ. மெக்கானிக்கல் முடித்து, 4 ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் பணி. தற்போது டேட்டா அனலிடிக்ஸ் கற்று வருகிறேன்." பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆளெடுப்பவர் கண்ணில் படுவது உற்பத்திப் பொறியாளர்தான். "கற்று வருகிறேன்" என்பது அவரைப் புதியவர் வரிசையில் நிறுத்திவிடும்.

சிக்கலில் தொடங்கினால்: "சிஎன்சி லேத்தில் துளை விட்டம் அளவு மீறிக் கழிவான பாகங்களின் 6 மாதப் பதிவை எஸ்க்யூஎல்லில் ஷிஃப்ட், கருவி வாரியாகப் பிரித்தேன். கழிவில் பெரும்பகுதி, இன்சர்ட் மாற்றுவதற்கு முந்தைய கடைசி மணி நேரத்தில் வந்தது. மாற்றும் இடைவெளியைக் குறைத்தோம்." இங்கே தரவு, கேள்வி, முடிவு மூன்றும் இருக்கின்றன; இயந்திர அறிவு பலமாகவே நிற்கிறது. பட்டமும் ஆண்டுகளும் இதற்குக் கீழே இரண்டு வரியில் வரட்டும். கடைசியில் தேடும் பதவியின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவதே என் தேர்வு. ஆனால் அந்த ஆய்வை நீங்களே செய்திருக்க வேண்டும்; நேர்காணலில் அட்டவணைகளை எப்படி இணைத்தீர்கள் என்ற கேள்வியிலேயே இரவல் வேலை தெரிந்துவிடும். நிறுவனத்தின் உண்மைக் கழிவு எண்களையும் அனுமதியின்றி வெளியிடாதீர்கள். அப்படி ஆய்வு எதுவும் இல்லையென்றால், பொதுவில் கிடைக்கும் இயந்திரத் தரவில் ஒன்றைச் செய்து முடிக்கும்வரை காலவரிசையே நேர்மையானது.