அம்புக்குறியா, வெறும் எண்ணா?

ஈரோட்டில் மாலை வகுப்பில் மிக நீளமான பொதுத் துணைவரிசையை, அதாவது இரண்டு சொற்களிலும் இடையில் எழுத்துகள் விட்டுப்போனாலும் அதே வரிசையில் வரும் மிக நீளமான எழுத்துத் தொடரை, KARUR, TIRUPUR என்ற இரண்டு ஊர்ப் பெயர்களை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன். KARUR-ஐ இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும் TIRUPUR-ஐ மேலே குறுக்காகவும் எழுதிக் கட்டப் படம் போடுவோம்; ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரையுள்ள எழுத்துகளுக்கான துணைவரிசையின் நீளம் வரும். தொடக்கத்தில் வரும் பூஜ்ஜிய வரிசையையும் பத்தியையும் விட்டால் 35 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 3 வரும், விடை RUR.

படத்தில் எண்களை மட்டும் நிரப்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு தவறு அடிக்கடி நுழைகிறது. KARUR-இன் கடைசி R, TIRUPUR-இன் முதல் R-ஐச் சந்திக்கும் கட்டத்தைப் பாருங்கள். மேலே 1, இடப்பக்கம் 0, மூலையில் 0. எழுத்து பொருந்துவதால் மூலை எண்ணோடு 1 கூட்டி 1 என்று எழுத வேண்டும். பலர் மேலே உள்ள 1-ஐக் கூட்டி 2 போட்டுவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டங்கள் ஒன்றுக்கு மேல் வேறுபடாது; 0-க்கு அடுத்து 2 வந்தாலே பிழை என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் அம்பு போட்டால் எந்த எண்ணிலிருந்து வந்தோம் என்பது கண்முன் நிற்கும், இந்தத் தவறு குறையும். அப்புறம் விடையைத் திரும்பத் தேடவும் யோசிக்க வேண்டாம். ஆனால் எழுத்து பொருந்தாத கட்டத்தில் மேலே உள்ள எண்ணும் இடப்பக்க எண்ணும் சமமானால் எந்தப் பக்கம் அம்பு போடுவது என்ற குழப்பம் வரும், படமும் நெரிசலாகிவிடும்.

சரி, எழுத்து பொருந்தும் 6 கட்டங்களில் மட்டும் சாய்ந்த அம்பு போடச் சொல்கிறேன்.