சைக்கிள் பந்தய வெற்றியாளர் சந்தை: அணி பலத்துக்கு எவ்வளவு மதிப்பு?

டூர் டி பிரான்ஸ் போன்ற மூன்று வாரப் பந்தயங்களின் ஒட்டுமொத்த வெற்றியாளர் யார் என்று பணம் கட்டும் சந்தையில் வெளியாகும் ஆட்ஸ் எனப்படும் விகிதங்களைச் சென்னையிலிருந்து பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; பணம் கட்டுவது என் நோக்கமும் அல்ல. அந்த எண்களை முன்கணிப்பாக மட்டுமே வாசிக்கிறேன். ஒருவருக்கு 1.25, அடுத்தவருக்கு 4.00 என்று இருந்தால், 1-ஐ அவற்றால் வகுக்க 80, 25 சதவீதம் கிடைக்கும். கூட்டுத்தொகை 105, மிகுதி 5 சந்தை நடத்துபவரின் பங்கு. அதை விகிதப்படி நீக்கினால் 76-க்கு 24 என்பதே சந்தையின் கருத்து.

மலையேறும் திறனைச் சந்தை பெரும்பாலும் சரியாகவே எடைபோடுகிறது, ஏனெனில் அது நாள்தோறும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. தடுமாற்றம் வருவது அணி பலத்தில்தான். ஈ.சி.ஆர். சாலையில் விடியற்காலையில் குழுவாக ஓட்டுபவர்களுக்குத் தெரியும்: கடற்காற்று அடிக்கும்போது முன்னால் ஒருவர் இருந்தால் மிதிக்கும் உழைப்பு சட்டென்று குறைந்துவிடும். பந்தயத்தில் அப்படி முன்னால் ஓட்டித் தருபவர்கள் அணியின் சக வீரர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையலில் முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்லோவேனிய வீரர்களான ரோக்லிச்சும் போகச்சாரும் மோதிய 2020 டூர் இதற்குச் சிறந்த பாடம். ரோக்லிச்சின் ஜம்போ-விஸ்மா அணி மலைகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. போகச்சாரின் அணியோ ஆரு, ஃபோர்மோலோ இருவரையும் இழந்திருந்தது. 19-ஆம் கட்டம் முடிந்தபோது ரோக்லிச் 57 விநாடி முன்னிலையில் இருந்தார். ஆனால் 7-ஆம் கட்டத்தில் பக்கக்காற்றில் குழு பிளவுபட்டபோது போகச்சார் இழந்தது 1 நிமிடம் 21 விநாடி. அந்த ஒரு நாளைக் கழித்துப் பார்த்தால் அவரே 24 விநாடி முன்னால் இருந்திருப்பார். அதாவது ரோக்லிச்சின் முன்னிலையைச் சமவெளிக் காற்றே உருவாக்கியது. மலைகளில் அவர் வலுவானவர் என்பதற்கு அது சான்றல்ல.

வெற்றியைத் தீர்மானிக்க மீதமிருந்ததோ 36.2 கிலோமீட்டர் டைம் டிரையல். அதன் முடிவு லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலை ஏற்றம். அந்த ஆண்டு ஸ்லோவேனியத் தேசிய டைம் டிரையலில் போகச்சார் ரோக்லிச்சை 9 விநாடி வித்தியாசத்தில் வென்றிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டூரின் அந்த டைம் டிரையலில் போகச்சார் ரோக்லிச்சைவிட 1 நிமிடம் 56 விநாடி விரைவாக முடித்து, பந்தயத்தை 59 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இவ்வளவு பெரிய வேறுபாட்டை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. இருப்பினும் அணி பலம் அன்று பயன்படாது என்பது வழித்தட வரைபடத்திலேயே தெரிந்த விஷயம்.

ஆகவே முன்னிலை எவ்வளவு என்பதற்கு முன், அது எந்த நாளில் எதனால் கிடைத்தது என்றும், இனி வரும் கட்டங்களில் அதே காரணம் மீண்டும் வேலை செய்யுமா என்றும் பார்க்கிறேன். விழுந்து காயம்படுவதை மட்டும் இந்த வாசிப்பால் கணிக்க முடியாது. 2021 டூரில் 3-ஆம் கட்டத்தில் விழுந்த ரோக்லிச் அந்தப் பந்தயத்தை முடிக்கவே இல்லை.