சனியின் ஓராண்டு: பஞ்சாங்கக் கணக்கா, குளக்கட்டுக் கணக்கா, வர்க்கமூலமா?

கிளிநொச்சியில் பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், சனி சூரியனை ஒருதரம் சுற்ற 29 வருசம் எண்டு புத்தகத்தில இருக்கு. நாங்களே கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாதோ?" ஏலும். மூன்று வழிகளில் ஏலும். மூன்றையும் செய்து பார்த்த பிறகு ஒன்றைத்தான் இப்போது வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதல் வழி வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. சனிப்பெயர்ச்சி ஏறக்குறைய இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டு ராசி, ஆகவே முப்பது வருடம். வியாழன் ராசிக்கு ஒரு வருடம், ஆகவே பன்னிரண்டு. "முப்பது வருசம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருசம் தாழ்ந்தவனும் இல்லை" என்று நம் வயசாளிகள் சொல்வதும் இந்தச் சுற்றை வைத்துத்தான். உண்மையான அளவு சனிக்கு 29.46, வியாழனுக்கு 11.86. குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்று இந்த வழி சொல்லாது. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் பழைய கணக்கில் பெயர்ச்சியும் கிடையாது.

இரண்டாவது, குளக்கட்டில் நின்று நாமே பார்ப்பது. மேற்கே சூரியன் விழும்போது கிழக்கே சனி எழுந்தால் அன்று அது சூரியனுக்கு நேரெதிரே நிற்கிறது. அடுத்த முறை அப்படி வரும் வரை நாட்களை எண்ண வேண்டும். 2024 செப்டெம்பர் 8, பிறகு 2025 செப்டெம்பர் 21: இடைவெளி 378 நாள். பூமி ஒரு முழுச் சுற்றை 365.25 நாளில் முடித்துவிட்டு, அதற்குள் கொஞ்சம் முன்னே போய்விட்ட சனியை எட்டிப்பிடிக்க மேலும் 12.75 நாள் ஓடியிருக்கிறது. பூமி 12.75 நாளில் கடக்கும் கோணத்தைக் கடக்கச் சனிக்கு 378 நாள் பிடிக்கிறது. ஆகவே 365.25ஐ 378ஆல் பெருக்கி 12.75ஆல் வகுத்தால் 10,829 நாள், அதாவது 29.6 வருடம். இப்படி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தத் திகதிகள் அச்சிட்ட அட்டவணையில் இருந்து எடுத்தவை. கண்ணால் பார்த்து அந்த நாளைப் பிடிக்கப் போனபோதுதான் சிக்கல் விளங்கியது. கிழக்கே பனைகளும் பாலை மரங்களும் அடிவானத்தை மறைக்கின்றன. ஐந்து பாகை மறைந்தாலே சனி இருபது நிமிடம் பிந்தித்தான் தெரியும். அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழுவதால், இருபது நிமிடம் என்பது ஐந்து நாள் பிழை. இரண்டு வருடமும் ஒரே மாதிரிப் பிழைத்தால் கழிபட்டுவிடும். ஆனால் அடுத்த வருடம் சனி அதே மரத்துக்கு மேலே எழுவதில்லை.

இந்த ஐந்து நாள் என்ன செய்கிறது என்று பாருங்கள். 378க்குப் பதில் 383 என்று எழுதினால் சனியின் ஆண்டு 21.6 வருடம் ஆகிறது. 373 என்று எழுதினால் 48 வருடம். வகுக்கும் எண் வெறும் 12.75 என்பதால் எல்லாப் பிழையும் அதன் தலையில் விழுகிறது. கோள் தூரமாகப் போகப் போக அந்த எண் இன்னும் சிறுக்கும். பல வருடம் எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை சுருங்கும் என்பது சரிதான். நான் இரண்டு தடவைதான் எண்ணியிருக்கிறேன், ஆகவே அதற்கு மேல் உத்தரவாதம் தர மாட்டேன்.

என் தெரிவு மூன்றாவது வழி. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் சனியின் தூரம் 9.54. அதன் வர்க்கமூலம் 3.09. இரண்டையும் பெருக்கினால் 29.5 வருடம். அவ்வளவுதான். 1619இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதி, காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்குச் சமம் என்பது. அதையே நான் இப்படிப் பிரித்து எழுதுகிறேன்:

```
T = a × √a
```

பிரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் "தூரம் கூட, பாதை நீளம், அதனால் நேரம் கூட" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிக் காரணம்தான். பாதை மட்டும் நீண்டிருந்தால் சனியின் ஆண்டு 9.54 வருடத்தில் முடிந்திருக்கும். முதலாவது a அந்த நீளம். இரண்டாவதாக வரும் √a, சனியின் மெதுநடை. சூரியனின் இழுவை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், சனி இருக்கும் இடத்தில் அது இங்குள்ளதில் ஏறக்குறைய 91இல் ஒரு பங்கு. அந்தச் சிறிய இழுவை வளைத்து வைத்திருக்க வேண்டுமென்றால் கோள் மெதுவாகத்தான் போகலாம். பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிறது. அதை 3.09ஆல் வகுத்தால் சனிக்கு 9.7 கிலோமீற்றர். பாதையும் ஒன்பதரை மடங்கு, கதியும் மூன்றில் ஒன்று.

பிழை விஷயத்தில்தான் இந்த வழி மற்றதை முழுக்க வெல்கிறது. தூரத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றரைதான் பிழைக்கும். சனிக்கு அது ஐந்து மாதம். நாள் எண்ணும் வழியில் ஒரே ஒரு நாள் பிழைத்தாலே இரண்டு வருடத்துக்கு மேல் போய்விடும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ஒரு பையன் செவ்வாய்க்கு 592 நாள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். பெருக்கல் சரி. தூரம் எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். செவ்வாய் சூரியனுக்கு மிகக் கிட்ட வரும்போது உள்ள தூரத்தை, 1.38ஐ, எடுத்திருக்கிறான். அதன் பாதை நீள்வட்டம், 1.38 முதல் 1.67 வரை போய்வருகிறது. விதிக்கு வேண்டியது இரண்டின் நடு அளவான 1.52. அதைப் போட்டதும் 1.87 வருடம், ஏறக்குறைய 685 நாள். உண்மை 687.

"தூரமும் புத்தகத்தில இருந்துதானே சேர்?" என்று அதே பிள்ளை மடக்கினாள். நியாயமான கேள்வி. வெள்ளிக்கு அதையும் நாமே அளக்கலாம். வெள்ளி பின்னேரத்தில் சூரியனை விட்டு மிக விலகி நிற்கும் நாட்களில் அந்த விலகலை அளந்தால், அந்தக் கோணத்தின் சைன்தான் அதன் தூரம். 2025 ஜனவரியில், மழை விட்ட ஒரு பின்னேரம், பலகையில் பாகைமானியை ஒட்டி இரண்டு சைக்கிள் கம்பிகளைப் பொருத்திக்கொண்டு குளக்கட்டில் ஏறினோம். சூரியனை யாரும் பார்க்கவில்லை. ஒரு கம்பியை அதன் நிழல் அதற்கே கீழே ஒளிந்துகொள்ளும் வரை திருப்பினோம். மற்றக் கம்பியை வெள்ளிக்கு நேரே பிடித்தாள் அவள். 45 பாகை. சைன் 0.71. வர்க்கமூலம் 0.84. பெருக்கினால் 0.6 வருடம், 218 நாள். உண்மையான அளவு 225. புதனுக்கு இதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அது அடிவான மரங்களுக்கு மேலே ஏறுவதே அபூர்வம், நான் ஒருதரம்தான் கண்டிருக்கிறேன்.

சனிக்கு இந்தக் கம்பி வித்தை பலிக்காது. அது பூமிப் பாதைக்கு வெளியே இருப்பதால் சூரியனை விட்டு எவ்வளவும் விலகிப் போகும். அங்கே பஞ்சாங்கத்தின் முப்பதை எடுத்துத் தலைகீழாகப் போனோம். முப்பதின் வர்க்கம் 900, அதன் கனமூலம் 9.65. புத்தகத்தில் 9.54. அவள் இரண்டு எண்ணையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.