திமிரியா, பாரியா: கோலாலம்பூர் வீதிக்கும் மண்டபத்துக்கும் உரிய நாகசுரம்

தைப்பூசத்துக்காகக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படும்போதும், அதே நகரத்தின் குளிரூட்டிய திருமண மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்கும்போதும் பெரும்பாலும் ஒரே வகை நாகசுரம்தான் ஒலிக்கிறது. நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி அது. குட்டையான, சுருதி உயர்ந்த திமிரியைக் காண்பது அரிதாகிவிட்டது.

இந்த மாற்றத்தில் நாகசுர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. திமிரியின் சுருதி ஏறத்தாழ 4 முதல் 5 கட்டை. பாரியின் சுருதி 2 அல்லது இரண்டரைக் கட்டை. விரிவான ஆலாபனைக்குத் தாழ்ந்த சுருதி இடம் கொடுத்தது. ஆனாலும் பழைய கருவியில் சுத்த மத்திமம் என்னும் ‘ம’ சுரம் துல்லியமாக நிற்காத குறை இருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955இல் அவருக்காகச் செய்த பாரி அதைத் தீர்த்தது.

மத்திமத்தை வைத்தே இரண்டையும் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி கம்பீரநாட்டையில் அமைந்தது. அதிலும் சுத்த மத்திமமே வருகிறது. ஆனால் சாகித்தியமற்ற அந்தச் சொற்கட்டு தவிலோடு பிணைந்து, காலம் மாறி மாறி ஓடுவதால், வாசிப்பவர் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டாலும் மத்திமத்தைச் சரிசெய்துகொண்டே கடந்துவிட முடியும். மண்டபத்தில் சங்கராபரணத்தை விரித்து மத்திமத்தில் நின்றால், சுருதிப்பெட்டி சிறு விலகலையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மண்டபத்துக்குப் பாரியே தகும் என்பேன். வாகன இரைச்சலையும் உறுமியையும் கடந்து ரதத்தின் பின்வரிசைக்கும் எட்ட வேண்டிய வீதியிலோ, ஒலிபெருக்கி இல்லாவிட்டால் திமிரியின் கூர்மைதான் எடுபடும். பாரி தவிலுக்கு அடியில் அமுங்கிவிடும்.

ஆய்வுலகமும் பாரியின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஜப்பானிய இசை ஆய்வாளர் யோஷிதாகா தெராடா 1992இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ராஜரத்தினம் பிள்ளையை மையமாகக் கொண்டது. அது மதிப்புமிக்க உழைப்பு. எனினும் கச்சேரி மேதைகள் வழியாகவே இக்கலையை அணுகினால், எந்த வீதியில் எதை வாசிப்பது என்ற கோயில் முறையும் அதற்கேற்ற கருவியும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன என்பது என் கவலை.

திருமணத்துக்கு மேளம் பேசுவோர் கட்டணத்தோடு சுருதியையும் கேட்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, சுத்த மத்திமத்தைச் சில நொடிகள் நீட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. அது ஆடினால் உடனே கருவியைக் குறை சொல்லக்கூடாது. குளிரூட்டிய காற்றில், வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி உலர்ந்திருக்கலாம். அதை நனைத்தோ மாற்றியோ மறுபடியும் வாசித்த பிறகும் மத்திமம் நிற்கவில்லையென்றால்தான் குழலைச் சந்தேகிக்க வேண்டும்.