பழைய உடுப்பாக மாறிய நெய்ப் போத்தல்: பொதி அனுப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பொதி அனுப்புகிறவர்களில் பலர் கூரியர் நிறுவனத்திடம் நேரடியாகப் போவதில்லை. ஊரிலுள்ள முகவர் ஒருவர் பெட்டியைப் பெற்றுக் கொழும்புக்கு அனுப்புகிறார். அங்கே லேபிள் அச்சாகிறது. அதன் படம் வாட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு வருகிறது. முழுக்க முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக இருப்பதால் அந்தப் படத்தைப் பெரும்பாலும் எவரும் வாசிப்பதில்லை. ஆரையம்பதியிலுள்ள என் சின்னம்மாவுக்கு நேர்ந்ததை அந்தப் படத்தை முன்வைத்தே விளக்குகிறேன். முகவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முறைப்பாடு உரிய இடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்திலுள்ள மகளுக்காக அவர் கட்டிய பெட்டியில் மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு, ஒரு சேலை, கறித்தூள், சிவப்பரிசி மா, நெய் இரண்டு போத்தல் ஆகியவை இருந்தன. ஒவ்வொன்றின் விலையையும் தமிழில் எழுதிய ஒரு பட்டியலையும் அவர் முகவரிடம் கொடுத்திருந்தார். மொத்தம் 31,500 ரூபாய். பற்றுச்சீட்டில் பெட்டியின் அளவு 50×40×35 சென்ரிமீற்றர், எடை 14 கிலோ, கட்டணம் கிலோவுக்கு 2,400 ரூபாய் வீதம் 33,600 ரூபாய், வரி உட்பட வீட்டு வாசலில் சேர்ப்பிக்கப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. அதன் பிறகு வந்த லேபிள் படத்தில், முகவரியும் இலக்கமும் நீங்கலாக, இருந்தது இவ்வளவுதான்:

```
PCS 1/1   ACT WT 9.1 KG
DIM 45X35X30   CHG WT 9.5 KG
CONTENTS: USED CLOTHES   HS 630900
VALUE: USD 20   GIFT   DAP
```

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பணம் முதலில் கைமாறியது அங்கேதான். முதல் வரியில் இருப்பது தராசு காட்டிய எடை. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் பெட்டியின் நீளம், அகலம், உயரம். அதற்கடுத்து இருப்பது கட்டணம் கணக்கிடப்படும் எடை. வானூர்தியில் இடமும் விலையுள்ளது என்பதால், கூரியர் நிறுவனங்கள் மூன்று அளவுகளையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்துக் கனவளவு எடை ஒன்றைப் பெறுகின்றன. அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே பணம் அறவிடப்படும். வழக்கமாக அது அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தப்படும். விமானச் சரக்காகப் போகும் பொதிகளுக்கு 6000 ஆல் வகுக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே ஒன்பது கிலோப் பெட்டிக்குப் பதினான்கு கிலோவுக்குப் பணம் கேட்பது தன்னளவில் ஏமாற்று அல்ல. சின்னம்மாவின் பெட்டிக்கு 50×40×35 என்று பெருக்கினால் 70,000. அதை 5000 ஆல் வகுத்தால் 14 கிலோ. பற்றுச்சீட்டின் கணக்கு சரியானதே.

ஆனால் லேபிளில் இருப்பது வேறொரு பெட்டி. 45×35×30 என்பது 47,250. 5000 ஆல் வகுத்தால் 9.45, உயர்த்தினால் 9.5. கொழும்பில் பெட்டியைத் திறந்து, பொருட்களை நெருக்கி, சிறிய பெட்டியொன்றில் மாற்றி அடைத்திருக்கிறார்கள். அப்படி மாற்றுவது கூட நல்ல சேவைதான், குறைந்த கட்டணத்தை அனுப்பியவருக்குச் சொல்லியிருந்தால். சொல்லவில்லை. 9.5 கிலோவுக்கு 22,800 ரூபாய்தான் வரும். மீதி 10,800 ரூபாய் முகவரிடமே தங்கிவிட்டது. கேட்டபோது, பெட்டி மாற்றுவது கொழும்புக்காரரின் வேலை, தனக்குத் தெரியாது என்றார். லேபிளின் படம் அவருடைய தொலைபேசியிலிருந்துதான் வந்தது.

பணத்தை விடப் பெரிய இழப்பு மூன்றாம் வரியிலிருந்து வந்தது. உள்ளே இருப்பவை பாவித்த உடுப்புகள் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள ஆறு இலக்கமும் அதையே சொல்கிறது. எச்எஸ் குறியீடு எனப்படும் இந்த இலக்கத்தின் முதல் ஆறு இடங்கள் உலகின் சுங்கத் திணைக்களங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பொதுவானவை. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களை நாடுகள் தம் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கின்றன. முழு இலக்கத்தையும் மனனம் செய்யத் தேவையில்லை. முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே பொருளின் இனம் தெரிந்துவிடும். 03 மீன், 04 பாலும் பாற்பொருளும், 09 தேயிலையும் வாசனைச் சரக்கும், 11 மா வகை, 33 வாசனைத் திரவியம், 61 உம் 62 உம் உடுப்பு, 85 மின்சாரப் பொருள். பாவித்த உடுப்புகளுக்கென்றே 6309 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. சின்னம்மாவின் பெட்டிக்கு உண்மையில் கறித்தூளுக்கு 0910, அரிசி மாவுக்கு 1102, நெய்க்கு 0405 என்று தனித்தனிக் குறியீடுகள் வந்திருக்க வேண்டும். (ஒரு சிறு தகவல்: படத்தில் ஐந்து இலக்கம் மட்டுமே இருந்தால், கணினி அட்டவணை முன்னாலிருந்த பூச்சியத்தை விழுங்கியிருக்கக்கூடும். 040590 என்ற நெய் 40590 ஆகிவிட்டால், முதல் இரண்டு இலக்கங்கள் இறப்பர் இனத்தைக் காட்டும்.)

நெய் பாற்பொருள். இலங்கையிலிருந்து தனியாள் ஒருவருக்கு அனுப்பப்படும் பொதியில் இறைச்சியையோ பாற்பொருளையோ பிரித்தானியா ஏற்பதில்லை. பெட்டியில் இருந்த அளவு சிறிதென்பது அங்கே செல்லுபடியாகாது. அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிய முகவர் அந்த இடத்திலேயே இரண்டு போத்தலையும் எடுத்துக் கொடுத்து, இது போகாது அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வேலை அதுதான். அவரோ போத்தலை உள்ளேயே விட்டுவிட்டு, எழுத்தை மாற்றினார். பிற்பாடு நான் கேட்டதற்கு, “எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுற, இவ்வளவு நாளும் பிரச்சினை வரல்ல” என்று பதில் சொன்னார்.

பிரச்சினை வந்தது. பொதி இங்கிலாந்தில் திறக்கப்பட்டு, முழுவதுமாகப் பறிமுதல் செய்யப்பட்டது. நெய்யை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைக் கொடுத்திருக்கலாமே என்று சின்னம்மா கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் அந்நாட்டின் 1979 ஆம் ஆண்டுச் சுங்க, கலால் முகாமைச் சட்டத்தின்படி, சுங்கத்துக்குக் கொடுத்த விவரத்துக்கு ஒவ்வாத பொருளும் அதனுடன் சேர்த்துப் பொதியப்பட்ட பொருளும் பறிமுதலுக்கு உள்ளாகலாம். எனவே பொய்யான அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால், நெய் போயிருக்கும், சேலை பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. பறிமுதலை எதிர்க்க ஒரு மாத அவகாசம் உண்டு என்றாலும், உள்ளே தடைசெய்யப்பட்ட பொருளும் வெளியே பொய்யான விவரமும் இருக்கும்போது எதைச் சொல்லி எதிர்ப்பது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுங்கப் பிரகடனத்தில் அனுப்புநராக இருப்பது முகவரின் பெயர் அல்ல, சின்னம்மாவின் பெயர். தபால் பொதிகளுடன் போகும் CN 22, CN 23 என்ற படிவங்களின் அடியில், தரப்பட்ட விவரங்கள் சரியானவை என்றும், ஆபத்தான பொருளோ சட்டத்தாலும் தபால், சுங்க விதிகளாலும் தடைசெய்யப்பட்ட பொருளோ உள்ளே இல்லை என்றும் அனுப்புநர் உறுதிப்படுத்தும் வாசகம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கூரியர் ஊடாக அனுப்பினால் அதே பொறுப்பு விலைப்பட்டியலின் கையொப்பத்தில் வந்து நிற்கும். சின்னம்மாவின் படிவத்தில் இருந்த கையொப்பம் அவருடையதல்ல. அவர் தமிழில்தான் கையொப்பமிடுவார். ஆகவே முகவரிடம் லேபிளின் படத்தோடு பிரகடனத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். லேபிளில் இடமில்லாமல் சுருக்கியதாகச் சொல்லலாம், பிரகடனத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

உண்மையாக எழுதுவதென்றால் எப்படி எழுத வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அன்பளிப்பு, சொந்தப் பாவனைப் பொருட்கள், உணவுப் பொருட்கள் போன்ற சொற்கள் பொருளின் பெயர் அல்ல. அன்பளிப்பு என்பது எதற்காக அனுப்புகிறோம் என்பதைச் சொல்லும், படிவத்திலுள்ள ஒரு கட்டம். அதில் அடையாளமிட்ட பிறகும் பொருள் என்னவென்று தனியே எழுத வேண்டும். “புதிய பருத்திச் சாரம், 2, இத்தனை கிலோ, இத்தனை டொலர்” என்ற அளவுக்கு விளக்கம் இருந்தால்தான் அது விவரம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும், அவற்றுடன் சுவிற்சர்லாந்தும் நோர்வேயும், 2023 மார்ச் முதல் வானூர்தியில் வரும் பொதிகளின் விவரத்தையும் ஆறு இலக்கக் குறியீட்டையும் முன்கூட்டியே மின்தரவாகக் கேட்கின்றன. பொதுவான சொற்களை எழுதினால் பொதி கொழும்பிலேயே நின்றுவிடக்கூடும். சுவிஸுக்கு அனுப்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கடைசி வரிக்கு வருகிறேன். 31,500 ரூபாய்ப் பொருளுக்கு 20 டொலர் என்று போட்டதற்குக் காரணம் விளங்கக்கூடியதே: பிரித்தானியாவில் அன்பளிப்புப் பொதியின் பெறுமதி 39 பவுண்டுக்கு மேற்பட்டால் இறக்குமதி வற் வரி விதிக்கப்படும். அந்த எல்லைக்குக் கீழே காட்டிவிட்டால் முகவருக்கு வரித் தொல்லை இல்லை. அதற்கடுத்த DAP என்ற மூன்றெழுத்து, வரி வந்தால் பெறுகிறவரே கட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும். அனுப்புகிற தரப்பே கட்டுவதானால் DDP என்றிருக்க வேண்டும். வரி உட்பட என்று பற்றுச்சீட்டில் எழுதிப் பணம் வாங்கியவர், லேபிளில் அந்தப் பொறுப்பை மகளின் தலையில் ஏற்றியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் சரிபார்க்கக்கூடிய நேரம் மிகக் குறுகியது. பொதி கொழும்பிலிருந்து ஏற்றப்படும் முன் சொன்னால் லேபிளை மாற்றி அடிக்கலாம். ஏற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. சின்னம்மாவுக்குப் படம் அனுப்பப்பட்டபோது பொதி ஏற்கனவே போய்விட்டிருந்தது. ஆதலால் பணம் கட்டும்போதே, படம் வந்து நான் சம்மதம் சொன்ன பிறகே ஏற்ற வேண்டும் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. படத்தை நேராக வைத்து, நான்கு மூலையும் தெரிய எடுத்து, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுத்து கலங்கி, 3 எது 8 எது என்று தெரியாமற் போகும். பெட்டியை மூடும் முன் பொருட்களையும், மூடிய பின் அளவுநாடா வைத்து மூன்று பக்கங்களையும் நீங்களும் படம் எடுத்துவையுங்கள். லேபிள் படத்தை மற்றவர்களுக்குக் காட்டி விளக்கம் கேட்கும்போது முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் பட்டைக் குறியீட்டையும் மறைத்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டையும் லேபிள் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குக் காட்டியபோது, 10,800 ரூபாயை முகவர் வாதமின்றித் திருப்பிக் கொடுத்தார். பொருட்களின் இழப்புக்காக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட்டிருக்கிறோம். அதன் துரித இலக்கம் 1977. முகவர் தரப்பு நட்டஈட்டுக்கு இப்போது காட்டுவது, அவர்களே எழுதிய 20 டொலர் என்ற அந்த வரியைத்தான்.