மூன்று சீசன்களாக என்னிடம் இருக்கும் கால்பந்துக் கணக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பிரீமியர் லீக் முடிவுகளைக் கணிக்க நானே செய்த மாதிரியை மூன்று சீசன்களாகப் பயன்படுத்துகிறேன். இப்போது இருப்பது எளிமையான ஒன்று. முதலில் செய்தது அப்படியல்ல.

முதல் மாதிரிக்கான தரவு அட்டவணையில் முப்பதுக்கும் மேற்பட்ட பத்திகள். நடுவர் பெயர், மாதம் என்று கிடைத்ததை எல்லாம், கேள்வி கேட்டு ஆட்டங்களைக் கிளை கிளையாகப் பிரித்துக் கணிக்கும் ஒரு முடிவு மரத்துக்குள் போட்டேன். ஆட்டங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினேன். பத்துக்கு எட்டு சரி! வீட்டில் யாரும் என்னோடு பேச முடியவில்லை, அவ்வளவு கர்வம்.

அடுத்த சீசன் தொடங்கியதும் சாயம் வெளுத்தது. முதல் குற்றவாளிகள் `HST`, `AST` என்ற இரு பத்திகள். இலக்கை நோக்கிய உதைகளின் எண்ணிக்கை அவை. ஆட்டம் முடிந்த பிறகுதான் அது தெரியும். நானோ அதை வைத்தே அதே ஆட்டத்தைக் கணித்திருந்தேன். அவற்றை நீக்கிய பிறகும் மரம் பழைய ஆட்டங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் இருந்தது. ஒரு சீசனில் 380 ஆட்டங்களே உள்ளன. நடுவர், மாதம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒரு கிளையில் நாலைந்து ஆட்டங்கள் மிஞ்சும். அவை சொல்வது விதியல்ல, தற்செயல்.

இதைக் கண்டுபிடிக்க இன்று ஒரே சோதனை வைத்திருக்கிறேன். பழைய சீசன்களில் பழக்கி, அடுத்த சீசனில் மட்டும் அளக்கிறேன், கலைப்பதே இல்லை. உண்மையில் நடந்த முடிவுக்கு மாதிரி கொடுத்த நிகழ்தகவின் இயல் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்துச் சராசரி பார்க்கிறேன். எண் குறையக் குறைய நல்லது. வெற்றி, சமன், தோல்வி மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே 1.0986 வரும். என் மரம் அதையும் தாண்டி மோசமாக இருந்தது.

இப்போது, சராசரி கோல் எண்ணிக்கையிலிருந்து எத்தனை கோலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பாய்சான் முறைதான். அணியின் தாக்கும் வலு, எதிரணியின் தடுக்கும் வலு, சொந்த மைதானச் சாதகம், அவ்வளவே. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. புதிதாக மேலே வந்த அணி மூன்று ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தால், ஆட்டத்துக்கு 3 கோல் என்று மாதிரி நம்பிவிடும். அதனால் ஒவ்வொரு அணிக்கும் பத்து சராசரி ஆட்டங்களைக் கற்பனையாகச் சேர்க்கிறேன். சராசரி 1.35 என்றால் (9 + 13.5) ÷ 13 = 1.73. ஆட்டங்கள் கூடக்கூட இந்தக் கடிவாளம் தானே தளரும். பத்து என்பதையும் பழைய சீசன்களில்தான் தேர்ந்தெடுத்தேன். சோதனைச் சீசனைப் பார்த்து மாற்றியிருந்தால் அதுவும் மனப்பாடம்தான்.

குறை இல்லாமல் இல்லை. இல்லத்து அணிக்கு 1.62 கோல், விருந்தாளிக்கு 1.06 என்று வந்தால், வெற்றி ஏறத்தாழ 50 சதவீதம், சமன் 25, தோல்வி 25. சமன் முதலிடத்துக்கு வருவது அபூர்வம். சனிக்கிழமை இரவு ஆட்டம் தொடங்கும் முன் மைத்துனர் போன் செய்வார். சதவீதங்களை வாசிப்பேன். "அதெல்லாம் சரி மாமா, யார் ஜெயிப்பார்கள்?" என்பார்.